மாதத் தவணை பன்னிரண்டு பைசா

என் மனைவியின் தம்பி வீட்டுக்கடன் வாங்கப் போகிறார். 12 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 15 வருடம். வங்கியில் ஒரு தாளில் தவணையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கணக்கு சரிதானா, மூன்று வருடம் கழித்துச் சீட்டுப் பணம் ஒரு லட்சம் கைக்கு வரும்போது அதைக் கடனில் கட்டினால் எத்தனை மாதம் குறையும், இதையெல்லாம் ஒரு ஷீட்டில் போட்டுத் தரச் சொன்னார். நான் தினமும் எக்செல்லில்தான் வேலை செய்கிறேன், ஆனால் கூட்டல், கழித்தல், `SUM`, `IF` இதற்கு மேல் போனதில்லை. கடன் கணக்குக்கு உரிய ஃபங்ஷன் எதையும் அதுவரை தொட்டதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் ஃபார்முலாவைப் போட்டேன். விடை `-0.12` என்று வந்தது.

"மாமா, மாசம் பன்னெண்டு பைசான்னா நான் ரெண்டு வீடா வாங்கிக்கறேன்" என்றார்.

அன்று மதியத்துக்குள் ஷீட் சரியாகிவிட்டது. எந்த ஃபங்ஷனையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. தட்டும்போது கீழே விரியும் பட்டியலும், அடைப்பைத் திறந்ததும் வரும் சின்னப் பெட்டியும்தான் வழிகாட்டின. அந்தப் பெட்டியை டூல்டிப் என்பார்கள். அதை நான் எங்கெங்கே படிக்காமல் விட்டேனோ, அங்கெல்லாம் சறுக்கினேன். அதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பெயரைக் கண்டுபிடித்தது

கருவி என்று பார்த்தால் பழைய மடிக்கணினி, அதில் எக்செல் 2016. செலவு ஒன்றும் இல்லை. நேரம் சுமார் மூன்று மணி, அதில் பாதி நான் செய்த தப்பைத் தேடியதற்கே போனது.

முதலில் ஒரு செல்லில் `=EMI` என்று தட்டினேன். எல்லோரும் இஎம்ஐ என்றுதானே சொல்கிறோம். பட்டியலில் ஒன்றும் வரவில்லை. தட்டும் எழுத்தை வைத்துத்தான் எக்செல் பெயரைத் தேடுகிறது, நாம் மனதில் நினைப்பதை அல்ல. அதற்கு அந்தப் பெயர் தெரியாது என்றால் பட்டியலும் இல்லை.

சரி என்று மேலே `Formulas` தாவலுக்குப் போய் `Financial` என்பதைத் திறந்தேன். நீளமான பட்டியல். ஒவ்வொரு பெயர் மீதும் சுட்டியை வைத்தால் அது என்ன செய்யும் என்று ஒரு வரி வருகிறது. பாதிக்கு மேல் இறங்கியபோது `PMT` கிடைத்தது. மாறாத வட்டி, மாறாத தவணை உள்ள கடனுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்கிடும் என்றது அந்த வரி. நமக்கு வேண்டியது இதுதான். இந்த இடத்தில் சொடுக்கினால் ஒரு பெரிய பெட்டி திறந்து ஒவ்வொன்றாகக் கேட்கும். நான் செல்லிலேயே தட்டிப் பழகியவன் என்பதால் அதை மூடிவிட்டு மறுபடி செல்லுக்கு வந்தேன்.

`=P` என்றதும் ஒரு பெரிய பட்டியல். `=PM` என்றதும் சுருங்கி `PMT` மட்டும் நின்றது. நீலமாக இருக்கிறதே, ஏற்றுக்கொள்ளும் என்று நினைத்து என்டர் தட்டினேன். செல்லில் `#NAME?` என்று விழுந்தது. என்டர் தட்டினால் நான் அதுவரை தட்டிய `=PM` என்ற அரைகுறைப் பெயர்தான் செல்லுக்குள் போகிறது, பட்டியலில் நிற்பது அல்ல. பட்டியலில் இருப்பதை எடுக்க டேப் தட்ட வேண்டும், அல்லது பெயரை இருமுறை சொடுக்க வேண்டும். டேப் தட்டினால் பெயர் முழுதாக வந்து, திறக்கும் அடைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அடைப்பு தானாக வந்திருந்தால் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்று அர்த்தம். அதற்கப்புறம் இதையே நான் ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

அடைப்பு வந்த அடுத்த நொடி கீழே இப்படி ஒரு பெட்டி நின்றது:

```
PMT(rate, nper, pv, [fv], [type])
```

வட்டி, எத்தனை தவணை, இன்றைய கடன் தொகை. கடைசி இரண்டும் சதுர அடைப்புக்குள் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்காமல் விட்டாலும் வேலை நடக்கும் என்பதுதான் அதற்குப் பொருள். `fv` என்பது எல்லாத் தவணையும் கட்டிய பிறகு மிச்சம் நிற்கும் தொகை. கொடுக்காவிட்டால் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். `type` என்பது தவணை மாதக் கடைசியிலா, மாத ஆரம்பத்திலா என்பது. கொடுக்காவிட்டால் மாதக் கடைசி.

பன்னிரண்டு பைசா எங்கிருந்து வந்தது

பெட்டியைப் பார்த்தேன், புரிந்துகொண்டேன். பிறகு அதைப் பார்க்காமலேயே வங்கித் தாளைப் பார்த்துத் தட்டினேன்:

```
=PMT(9%/12,180,12,00,000)
```

நம் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. தாளில் 12,00,000 என்று இருந்ததால் கையும் அப்படியே தட்டிவிட்டது. ஃபார்முலாவுக்குள் காற்புள்ளி என்றால் அடுத்த உள்ளீட்டுக்குப் போ என்று பொருள். அதனால் கடன் தொகை பன்னிரண்டு ரூபாய் ஆனது, `fv` இடத்தில் 00 உட்கார்ந்தது, `type` இடத்தில் 000 உட்கார்ந்தது. இரண்டுமே சுழியம், இரண்டுமே அந்த இடங்களில் செல்லுபடியாகும் மதிப்பு. எண்ணிக்கையும் சரியாக ஐந்து. எக்செல்லுக்குக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு ரூபாய்க் கடனைப் பதினைந்து வருடம் கட்டினால் மாதம் பன்னிரண்டு பைசா. கணக்கு துல்லியமாகச் சரி!

கடன் 10,00,000 என்று இருந்திருந்தாலும் இதே கதைதான், பத்து பைசா வந்திருக்கும். கடன் 1,12,00,000 என்றிருந்தால் உள்ளீடு ஆறாகிவிடும், எக்செல் அப்போது ஏற்காமல் தடுத்திருக்கும். லட்சக் கணக்கில்தான் இந்தக் குழி வாய் திறந்து நிற்கிறது.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். செல்லை இருமுறை சொடுக்கி உள்ளே போனேன். நான் தட்டியிருந்த 00, 000 இரண்டும் வெறும் `0`, `0` என்று மாறியிருந்தன. கர்சரை அடைப்புக்குள் வைத்ததும் டூல்டிப் மறுபடி வந்தது. அதில் கர்சர் எந்த உள்ளீட்டில் நிற்கிறதோ அதன் பெயர் தடித்த எழுத்தில் தெரியும். கர்சரை நகர்த்த நகர்த்தத் தடித்த எழுத்தும் நகர்கிறது. டூல்டிப்பில் இருக்கும் `pv` என்ற பெயரையே சொடுக்கினேன். ஃபார்முலாவில் அந்த உள்ளீட்டுக்கு உரிய பகுதி மட்டும் கறுப்பாகத் தேர்வானது. தேர்வானது `12`. அவ்வளவுதான், விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

இந்தச் சொடுக்கு வேலை அதுவரை எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அந்தப் பெட்டியைப் படிக்க மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அதோடு ஃபார்முலாவுக்குள் எண்களைத் தட்டுவதையே நிறுத்தினேன். `B1` செல்லில் கடன் தொகை, `B2` செல்லில் வட்டி 9%, `B3` செல்லில் வருடம் 15. செல்லுக்குள் தனியாகத் தட்டும்போது காற்புள்ளி போட்டாலும் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்கிறது.

ஒரு லட்சத்து எட்டாயிரம்

இரண்டாவது முயற்சி:

```
=PMT(B2,B3*12,B1)
```

விடை `-1,08,000.02`. மாப்பிள்ளை இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இங்கே டூல்டிப்பைப் பார்த்துத்தான் தட்டினேன். `rate` என்று கேட்டது, வட்டி இருக்கும் `B2`வைக் கொடுத்தேன். ஆனால் அது கேட்பது ஒரு தவணைக் காலத்துக்கான வட்டி. தவணையை மாதக் கணக்கில் 180 என்று கொடுத்துவிட்டு வட்டியை வருடக் கணக்கில் கொடுத்தால், மாதம் 9 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சின்னப் பெட்டியில் `rate` என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. எந்தக் காலத்துக்கு என்று அது சொல்லாது.

தப்பு என்று எப்படித் தெரிந்தது என்றால், 12 லட்சத்துக்கு 9 சதவீதம் சரியாக 1,08,000. ஒரு வருட வட்டி அப்படியே மாதத் தவணையாக வந்து நிற்கிறது. உறுதி செய்துகொள்ள, டூல்டிப்பில் `rate` மீது சொடுக்கி, அந்தப் பகுதி தேர்வானதும் `F9` தட்டினேன். தேர்வான பகுதியின் மதிப்பு அந்த இடத்திலேயே தெரிகிறது: 0.09. வரவேண்டியது 0.0075. பார்த்து முடித்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வரவேண்டும். என்டர் தட்டினால் செல் பெயர் போய் அந்த எண்ணே ஃபார்முலாவில் நிலைத்துவிடும். பிறகு வட்டியை மாற்றினால் தவணை மாறாது. ஒருமுறை அப்படியும் செய்தேன், `Ctrl+Z` காப்பாற்றியது.

`B2`வை 12-ஆல் வகுத்ததும் `-12,171.20` வந்தது. வங்கித் தாளில் 12,171 என்று இருந்தது. ரூபாய்க் கணக்கு ஒத்துப்போயிற்று. காபி வந்தது.

முன்னால் நிற்கும் கழித்தல் குறி தப்பு இல்லை. கையில் வரும் பணம் கூட்டல், கையைவிட்டுப் போகும் பணம் கழித்தல், இதுதான் இந்த ஃபங்ஷன்களின் வழக்கம். கடன் நம் கைக்கு வருகிறது, தவணை போகிறது. மாப்பிள்ளைக்குக் கழித்தல் குறி பிடிக்கவில்லை என்பதால் கடனை எதிர்க்குறியோடு கொடுத்தேன்:

```
=PMT(B2/12,B3*12,-B1)
```

இது `B4` செல்லில் நின்றது, 12,171.20 என்று நேராக. இந்த ஒரு குறி பின்னால் இரண்டு இடத்தில் என்னைக் காலை வாரியது.

மாறாத விடை

"தவணையை மாசம் பொறந்ததும் கட்டினா ஏதாச்சும் குறையுமா மாமா?" என்று கேட்டார். அதற்குத்தான் `type` இருக்கிறதே, ஆரம்பத்தில் கட்டினால் 1 என்று கொடுக்க வேண்டும். ஃபார்முலாவின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்து 1 சேர்த்தேன்:

```
=PMT(B2/12,B3*12,-B1,1)
```

விடை 12,171.20. அதேதான். ஒன்றும் குறையாது என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் எனக்கே உறுத்தியது. முதல் தவணையை ஒரு மாதம் முன்னதாகவே கொடுக்கும்போது கொஞ்சமாவது குறைய வேண்டாமா?

இந்தத் தப்புதான் அன்றைக்கு நடந்ததிலேயே மோசமானது. மற்றவை எல்லாம் கண்ணில் அடித்தன, இது அடிக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அந்த 1 மீது கர்சர் நிற்கும்போது தடித்த எழுத்தில் இருந்தது `[fv]`. நான் கொடுத்த 1 நான்காவது இடத்தில் விழுந்து, பதினைந்து வருடம் முடிந்தபிறகு மிச்சத் தொகை ஒரு ரூபாய் என்ற பொருளாகிவிட்டது. ஒரு ரூபாயை 180 தவணையில் பரப்பினால் ஒரு பைசாவுக்கும் கீழே. அதனால் திரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

சதுர அடைப்பு என்றால் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைத்திருந்தேன். விடலாம்தான், ஆனால் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததைக் கொடுக்க வேண்டுமானால், விட்டதன் இடத்தைக் காலியாகக் காட்ட வேண்டும். அதாவது இரண்டு காற்புள்ளி:

```
=PMT(B2/12,B3*12,-B1,,1)
```

முதல் காற்புள்ளியில் `[fv]` தடித்தது, இரண்டாவதில் `[type]` தடித்தது, அதன்பிறகுதான் 1 தட்டினேன். விடை 12,080.59. மாதம் 90 ரூபாய் 61 பைசா குறைவு. நம் ஊர் வீட்டுக்கடனில் பொதுவாக மாதக் கடைசிக் கணக்குதான் என்பதால் இந்த ஃபார்முலாவை ஷீட்டில் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. விருப்ப உள்ளீடு ஒன்றைக் கொடுத்தால், அதை மாற்றி விடையும் மாறுகிறதா என்று பார்ப்பேன். மாறவில்லை என்றால் அது தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரே குடும்பம், வேறு வரிசை

முதல் மாதத் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. `PMT` கைவந்துவிட்டது என்ற தைரியத்தில் `=IP` தட்டி, `IPMT` வந்ததும் டேப் தட்டி, கண்ணை மூடாத குறையாக அதே வரிசையில் கொடுத்தேன். வட்டி, 180 தவணை, முதல் மாதத்துக்கு 1, கடன் தொகை. `#NUM!`.

டூல்டிப் அங்கேயே நின்றுகொண்டுதான் இருந்தது:

```
IPMT(rate, per, nper, pv, [fv], [type])
```

இரண்டாவது இடத்தில் `per` புகுந்திருக்கிறது, எத்தனையாவது தவணை என்று. நான் கொடுத்ததை அது படித்த விதம்: ஒரே ஒரு தவணை உள்ள கடனில் நூற்று எண்பதாவது தவணையின் வட்டி என்ன? இல்லாத தவணைக்கு வட்டி கேட்டால் `#NUM!` என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும். இரண்டையும் இடம் மாற்றியதும் 9,000 வந்தது. 12 லட்சத்துக்கு 0.75 சதவீதம், மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். மீதி 3,171.20 அசல். முதல் தவணையில் நான்கில் மூன்று பங்கு வட்டிக்கே போகிறது என்று பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் மாறியது.

மனப்பாடம் இங்கே உதவாது என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். `PMT`யின் வரிசையை நன்றாக நினைவில் வைத்திருந்ததால்தான் `IPMT`யில் தப்பு செய்தேன்.

ஒரு வருட வட்டி மொத்தமாக வேண்டும் என்றார், வரிக் கணக்குக்கு. `=CUM` தட்டினால் `CUMIPMT`, `CUMPRINC` இரண்டும் வருகின்றன. கீழ் அம்புக்குறியால் ஒவ்வொன்றாக இறங்கினால் பக்கத்தில் விளக்க வரி மாறுகிறது. முதலாவது வட்டிக் கூட்டு, இரண்டாவது அசல் கூட்டு. வட்டியைத் தேர்ந்து டேப் தட்டினேன்.

```
CUMIPMT(rate, nper, pv, start_period, end_period, type)
```

இங்கே `per` இல்லை, `nper` மறுபடி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. `type` இருக்கிறது, ஆனால் சதுர அடைப்பு இல்லை. `PMT`யில் விட்டுவிடக்கூடிய அதே உள்ளீடு இங்கே கட்டாயம். இந்தத் தடவை முதலில் படித்துவிட்டேன், கடைசியில் 0 கொடுத்தேன். ஆனால் பழக்கதோஷத்தில் கடனை `-B1` என்று கொடுத்துவிட்டேன். `#NUM!`. இந்த ஃபங்ஷனுக்குக் கடன் தொகை கூட்டல் எண்ணாகத்தான் இருக்க வேண்டும். டூல்டிப்பில் அதற்கு ஒரு தடயமும் இல்லை. டூல்டிப்பில் ஃபங்ஷனின் பெயரைச் சொடுக்கினால் உதவிப் பக்கம் திறக்கிறது, அங்கே போய்ப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

```
=-CUMIPMT(B2/12,B3*12,B1,1,12,0)
```

1,06,390 ரூபாய். கழித்தல் குறியை ஃபங்ஷனுக்கு வெளியே வைத்துக்கொண்டேன்.

சீட்டுப் பணம்

கடைசி வேலை. முப்பத்தாறு தவணை கட்டிய பிறகு பாக்கி எவ்வளவு, அதில் ஒரு லட்சம் கட்டினால் எத்தனை மாதம் மிச்சம். பாக்கிக்கு `CUMPRINC` போதும். உள்ளீடுகள் அச்சு அசலாக முந்தையது போலவே. அது கழித்தல் எண்ணாக வருவதால் கடனோடு கூட்டினால் பாக்கி கிடைக்கிறது:

```
=B1+CUMPRINC(B2/12,B3*12,B1,1,36,0)
```

10,69,497 ரூபாய். மூன்று வருடத்தில் 4,38,163 ரூபாய் கட்டியும் கடன் 1,30,503 ரூபாய்தான் குறைந்திருக்கிறது. இதை `B6` செல்லில் வைத்தேன்.

மாதங்களை எண்ணித் தரும் ஃபங்ஷனின் பெயர் எனக்குத் தெரியாது. மறுபடி `Financial` பட்டியலில் இறங்கப் போனவன் நின்றேன். காலையிலிருந்து டூல்டிப்பில் `nper`, `nper` என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேனே, அந்தப் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்குமோ? `=NP` தட்டினேன். `NPER` நின்றது. பிறகு சும்மா பார்த்தேன், `RATE`, `PV`, `FV` எல்லாமே ஃபங்ஷன்களாகவும் இருக்கின்றன. ஒன்றின் உள்ளீட்டுப் பெயர் இன்னொன்றின் பெயர். எது தெரியவில்லையோ அதன் பெயரைத் தட்டினால் தெரிந்த மற்றவற்றைக் கேட்கிறது. அன்றைக்கு எனக்குக் கிடைத்ததில் இதுதான் பெரிய லாபம்.

```
NPER(rate, pmt, pv, [fv], [type])
```

வட்டி, தவணை, பாக்கியில் ஒரு லட்சம் போக மீதி. கொடுத்தேன். விடை `-62.69`. கழித்தல் அறுபத்து இரண்டு மாதம்! `B4` செல்லில் தவணையை அழகுக்காகக் கூட்டல் எண்ணாக மாற்றி வைத்திருந்தேன் அல்லவா? தவணையும் கையில் வருகிறது, கடனும் கையில் வருகிறது என்று படித்துக்கொண்டு எக்செல் காலத்தில் பின்னோக்கிப் போய்விட்டது.

```
=NPER(B2/12,-B4,B6-100000)
```

121.77. அதாவது 122 தவணை, கடைசித் தவணை கொஞ்சம் சின்னது. ஒரு லட்சம் கட்டாவிட்டால் மிச்சம் 144. இருபத்திரண்டு தவணை முழுதாக மிச்சமாகிறது. கட்டிய ஒரு லட்சம் போக வட்டியில் சுமார் 1.7 லட்சம் லாபம். பதினைந்து வருடமும் வட்டி 9 சதவீதத்திலேயே நிற்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. வட்டி மாறினால் அன்றைய பாக்கியையும் மிச்ச மாதத்தையும் வைத்து மறுபடி போட வேண்டும்.

அடுத்த தடவை

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஷீட்டைத் திறந்தபோது அந்தக் கணினியில் டூல்டிப்பே வரவில்லை. யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். `File` போய் `Options`, அதில் `Advanced`, நடுவில் `Display` பகுதியில் `Show function ScreenTips` என்ற கட்டத்தில் டிக் போட்டதும் வந்துவிட்டது. பெயர்ப் பட்டியல் வராவிட்டால் அதற்குரிய கட்டம் வேறு இடத்தில், அதே `Options`-இல் `Formulas` பக்கத்தில் `Formula AutoComplete` என்று இருக்கிறது. டூல்டிப் பக்கத்துச் செல்களை மறைத்துக்கொண்டு நின்றால் அதன் ஓரத்தைப் பிடித்து நகர்த்திக்கொள்ளலாம். இது தெரியாமல் பாதி நேரம் மறைந்த செல்லின் முகவரியை ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழியும் கிடைத்தது. `=PMT` என்று பெயரைத் தட்டிவிட்டு, அடைப்பு திறக்கும் முன் `Ctrl+Shift+A` அழுத்தினால் உள்ளீட்டுப் பெயர்கள் எல்லாமே ஃபார்முலாவுக்குள் வந்து உட்காருகின்றன:

```
=PMT(rate,nper,pv,fv,type)
```

ஒவ்வொரு பெயரையும் இருமுறை சொடுக்கி அதன் இடத்தில் செல்லைக் காட்ட வேண்டியதுதான். வேண்டாத பெயரை அழித்துக் காற்புள்ளியை மட்டும் விட்டால் இடம் தானாகக் காலியாக நிற்கும், அந்த `[fv]` குழியில் விழ மாட்டேன். எதையாவது மறந்து அப்படியே விட்டால் `#NAME?` வந்து காட்டிக்கொடுக்கும். நீளமான ஃபங்ஷனுக்கு இனி இதைத்தான் செய்வேன். இரண்டு மூன்று உள்ளீடு உள்ளதற்கு டேப்பும் தடித்த எழுத்தும் போதும்.

ஷீட்டில் மாற்ற நினைப்பது ஒன்றுதான். தவணையின் குறியை `B4` செல்லில் மாற்றியிருக்கவே கூடாது. கழித்தல் எண்ணாகவே விட்டுவிட்டு, குறி தெரியாதபடி செல்லின் வடிவமைப்பை மட்டும் மாற்றியிருந்தால் `NPER` முதல் தடவையே சரியாக வந்திருக்கும்.

மாப்பிள்ளை ஷீட்டைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டு போனார். இரவு ஒரு செய்தி வந்தது: "மாமா, ஒரு லட்சத்துக்குப் பதிலா ரெண்டு லட்சம்னு போடறதுக்கு எந்த இடத்துல மாத்தணும்?" அந்த 100000-ஐ நான் ஃபார்முலாவுக்குள்ளேயே தட்டி வைத்திருந்தேன். 2,00,000 என்று காற்புள்ளியோடு அவர் தட்டுவதற்குள் அதையும் `B7` செல்லுக்கு மாற்றி அனுப்பினேன்.